வைபவ் மட்டை எப்படி?
பலம் எது? பலவீனம் எது?

சென்னை: சேப்பாக்கம் ரசிகர்களுக்கு வைபவ் சூர்யவன்ஷி புதியவர் அல்ல. 2024-ம் ஆண்டு இங்கே நடந்த 19 வயதுக்கு உட்பட்டோர் டெஸ்டில், ஆஸ்திரேலியப் பையன்களின் பந்தை விளாசி 58 பந்தில் சதம் போட்டவர் இவர்தான். அப்போது இவருக்கு வயது 13. பீகார் மாநிலம் சமஸ்திபூர் மாவட்டத்துக்காரர். இடது கை ஆட்டக்காரர்.

"அடிக்கிறான், சரி. நிலைச்சு நிப்பானா?" என்பதே ரசிகர்களின் கேள்வி. 2025 ஐ.பி.எல்.லில் இவர் ராஜஸ்தானுக்கு ஆடிய 7 ஆட்டங்களில் இதற்குப் பாதி பதில் இருக்கிறது.

உயரத் தூக்கும் மட்டை

பந்து வருமுன் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி விடுகிறார். அங்கிருந்து அது பெரிய வட்டம் போட்டு, வேகமாக இறங்குகிறது. மற்றவர்கள் தட்டி வைக்கும் பந்தைக்கூட இவர் லெக் திசையில் சிக்சருக்குத் தூக்குவது இதனால்தான். குத்தி எழும் பந்து இவருக்கு அல்வா!

ஆனால், உயரப் போன மட்டை கீழே இறங்க நேரம் வேண்டும். பந்து உள்ளே திரும்பினாலோ, மெதுவாக வந்தாலோ கணக்கு தப்பும். பெங்களூர் ஆட்டத்தில் 16 ரன் எடுத்தபோது புவனேஸ்வர் குமார் ஸ்டம்பைத் தட்டி விட்டார்.

அழுதார், அடித்தார்

முதல் ஐ.பி.எல். ஆட்டத்தில் முதல் பந்தே சிக்சர்! 34 ரன்னில் ஸ்டம்பிங் ஆகி, கண் கலங்கியபடி வெளியேறினார். ஆனால் துவண்டு போகவில்லை. 9 நாள் கழித்து ஜெய்ப்பூரில் குஜராத்துக்கு எதிராக 35 பந்தில் சதம்!

அடுத்த இரண்டு ஆட்டத்தில்? மும்பையிடம் 0. கொல்கத்தாவிடம் 4. இரண்டிலும் இரண்டாவது பந்திலேயே அவுட். சதம் அடித்த கை, அதே வேகத்தில் ஆரம்பத்திலேயே வீசியதால் வந்த வினை இது.

பிறகு டெல்லியில் சென்னை அணிக்கு எதிராக 33 பந்தில் 57. எதிர்முனையில் ஜெய்ஸ்வால் வெளுத்துக் கட்ட, இவர் கொஞ்சம் பொறுத்து ஆடினார். கற்றுக்கொள்ளும் பையன் என்பதற்கு அந்த 35 பந்து சதத்தைவிட இதுவே நல்ல அடையாளம்.

எது வரை போவார்?

7 ஆட்டத்தில் மொத்தம் 252 ரன். அதில் 158 ரன் இரண்டே ஆட்டத்தில் வந்தது. அதாவது, அடித்தால் மழை, இல்லையேல் வறட்சி.

சிவப்புப் பந்துக் கணக்கும் பாக்கி. 2024 ஜனவரியில், 12 வயதில், மும்பைக்கு எதிரான முதல் ரஞ்சி ஆட்டத்தில் எடுத்தது 19, 12 ரன்கள்தான். பந்து ஆடி அசையும் காலை நேரத்தில், ஆப் ஸ்டம்புக்கு வெளியே போவதைத் தொடாமல் விடுகிறாரா என்று பார்க்க வேண்டும். விட்டால் டெஸ்ட் ஆட்டத்துக்கும் ஆள் தயார். துரத்திப் போய் மட்டையை நீட்டினால், இன்னும் சில வருஷம் பொறுக்க வேண்டியதுதான்.