மூன்றே வீடியோக்களும் ஒரு விண்ணப்பக் கடிதமும்

சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு கடிதம் ஐந்து தடவை எழுதப்பட்டது. எழுதியவர் என் ராத்தா. வவுனியா நகரிலுள்ள ஒரு வீடியோ நிறுவனம் கனிஷ்ட வீடியோ எடிட்டர் ஒருவர் தேவையென்று அறிவித்திருந்தது. சுயவிபரக் கோவையோடு ஒரு பக்கக் கடிதமும், செய்த வேலைகளைப் பார்ப்பதற்கான இணைப்பும் கேட்டிருந்தார்கள். ராத்தாவிடம் மூன்றே வீடியோக்கள்தான் இருந்தன. அந்த மூன்றையும் எப்படிச் சொல்வது என்பதுதான் ஐந்து நாள் பாடாகிவிட்டது. உயர்தரம் முடித்துவிட்டு இப்படியொரு கடிதம் எழுத வேண்டியவர்கள் நம்மிலும் பலர் இருப்பதால், நான் பக்கத்திலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதற் கடிதத்தில் “பல்வேறு ஆவணப்படங்கள், திருமண நிகழ்வுகள், நிறுவன வீடியோக்கள் ஆகியவற்றில் அனுபவமுள்ளவள்” என்று இருந்தது. வாசித்துவிட்டு, “ராத்தா, பல்வேறு ஆவணப்படங்கள் எண்டா எத்தனை?” என்று கேட்டேன். “ஒண்டுதான். ஆனா எல்லாரும் இப்படித்தானே எழுதுறாங்க” என்றார். அந்த வசனத்தால் வரும் சிக்கல் எளிமையானது. இணைப்பைத் திறப்பவருக்கு இருப்பது மூன்று கோப்புகள்தான் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கடிதத்தில் உண்மையாக எழுதியதையும் அவர் நம்பமாட்டார். இத்தொழிலில் நேர்முகத்தோடு வெட்டாத காட்சிகளைக் கொடுத்து, “இதை மூன்று நிமிடமாக்கித் தாருங்கள்” என்று இருத்திவிடும் வழக்கமும் உண்டு. கடிதத்தில் ஊதிய பலூன் அந்த மேசையில் வெடித்துவிடும்.

ஆகவே மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்தோம்.

முதலாவது, எங்கள் உம்மம்மாவின் பேச்சு. அவர் தண்ணீரூற்றுக்காரர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பிள்ளைகளோடு புத்தளம் போய், யுத்தம் முடிந்த பின்னர் திரும்பி வந்தவர். ராத்தா அவரை போனில் ஒரு மணி நாற்பது நிமிடம் படம்பிடித்து, ஒன்பது நிமிடமாகச் சுருக்கினார். இதைப் பற்றிக் கடிதத்தில் முதலில் “உணர்வுபூர்வமான ஆவணப்படம்” என்றுதான் இருந்தது. அது பார்ப்பவர் சொல்ல வேண்டிய சொல். வேலை தருபவர் அறிய விரும்புவது எதை வெட்டினாய், ஏன் வெட்டினாய் என்பது. உம்மம்மா கதையை முன்பின்னாகச் சொன்னார். திரும்பி வந்ததை முதலிலும் போனதைப் பிறகும் சொன்னார். ராத்தா அதைக் கால வரிசைக்கு மாற்றினார். ஓரிடத்தில் உம்மம்மா வீட்டுச் சாவியைப் பற்றிச் சொல்லிவிட்டு ஏழு வினாடி பேசாமல் இருப்பார். மற்ற மௌனங்களையெல்லாம் வெட்டியவர் அதை மட்டும் விட்டுவைத்தார். இவ்விரண்டும் கடிதத்திற்குள் வந்தன.

அந்த வீடியோவில் ஒரு குறையும் இருந்தது. முதல் தடவை தொகுத்தபோது, தொடக்கத்தில் சரியாக இருந்த உதடும் குரலும் போகப்போக விலகி, கடைசியில் உம்மம்மா பேசி முடிப்பதற்குள் படம் முடிந்துவிட்டது. காரணத்தை ராத்தா தேடிக் கண்டுபிடித்தார். போன் கமரா ஒரு வினாடிக்கு 30 படங்கள் எடுப்பதாகச் சொன்னாலும் வெளிச்சத்துக்கேற்பக் கூட்டிக் குறைத்தே எடுக்கும். தொகுக்கும் மென்பொருள் அதைச் சீரான 30 என்று எடுத்துக்கொண்டால் கணக்குப் பிழைக்கும். சராசரி 29.9 என்று வையுங்கள். ஒன்பது நிமிடத்தில், அதாவது 540 வினாடியில், 16,146 படங்கள்தான் இருக்கும். அவற்றை 30 வீதம் ஓட்டினால் 538.2 வினாடியில் படம் முடிந்துவிடும்; குரல் இன்னும் 1.8 வினாடி போய்க்கொண்டிருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் Constant Framerate என்பதைத் தெரிவுசெய்து கோப்புகளை மாற்றிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொகுத்தார். இந்தப் பிழையை மறைக்கத்தான் ராத்தா நினைத்தார். என் கருத்தில் முழுக் கடிதத்திலும் சிறந்த வசனம் அதுதான். பிழையைக் காரணத்தோடு சொல்லக்கூடியவர் அதைத் தானே திருத்தியவர் என்பது, அந்த வேலை தெரிந்த எவருக்கும் விளங்கும்.

இரண்டாவது, பாடசாலை விளையாட்டுப் போட்டியின் மூன்று நிமிட வீடியோ. அதை ராத்தாவும் அவருடைய சிநேகிதியும் சேர்ந்து செய்தார்கள். காட்சிகளைத் தெரிந்து வெட்டியது ராத்தா. நிறத்தையும் எழுத்துகளையும் செய்தது சிநேகிதி. “சேர்ந்து செய்தேன் எண்டா என் பங்கு குறைஞ்சு தெரியாதா?” என்று யோசித்தார். 1987இல் வெளிவந்த ‘நாயகன்’ படத்தின் தொகுப்புக்கு பி. லெனின், வி.டி. விஜயன் என்று இரண்டு பெயர்கள்தான் திரையில் வருகின்றன. அதனால் எவருடைய மதிப்பும் குறையவில்லையே! யார் எதைச் செய்தார் என்று பிரித்து எழுதினால் போதும்.

மூன்றாவதுதான் சிக்கலானது. உறவுக்காரப் பெண்ணின் வலீமா வீடியோ, இருபத்திரண்டு நிமிடம். தொழில் ரீதியில் ராத்தா செய்த மிகப் பெரிய வேலை அதுதான். ஆனால் அது பெண்கள் பக்கத்தில் எடுக்கப்பட்டது. அந்த வீட்டார் தங்களுக்கென்று எடுத்ததை முன்பின் தெரியாத அலுவலகத்துக்கு அனுப்ப முடியாது. சும்மா விட்டுவிடலாமா என்றும் யோசித்தார். உம்மாதான், “செஞ்சதச் சொல்லுங்க, காட்ட ஏலாது எண்டதையும் சொல்லுங்க” என்றார். மணப்பெண்ணிடம் கேட்டு, எவருடைய முகமும் இல்லாத நாற்பது வினாடியை, அதாவது பூக்கள், சாப்பாட்டு சஹன், மருதாணிக் கைகள் ஆகியவற்றை மட்டும், அனுமதியோடு எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது தடவை எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இதுதான்:

“என்னிடம் மூன்று வேலைகள் உள்ளன. சம்பளத்திற்கு இதுவரை வேலை செய்ததில்லை. முதலாவது, என் பாட்டியின் நேர்காணல் (9 நிமிடம்). போனில் எடுத்த 1 மணி 40 நிமிடக் காட்சியிலிருந்து நான் தனியாகத் தொகுத்தது. அவர் சொன்ன வரிசையைக் கால வரிசைக்கு மாற்றியுள்ளேன். 4:10இல் வரும் மௌனத்தை வேண்டுமென்றே விட்டுள்ளேன். முதல் தொகுப்பில் குரலும் படமும் விலகின; போன் கோப்புகளைச் சீரான வேகத்துக்கு மாற்றித் திருத்தினேன். விசிறியின் இரைச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை. இரண்டாவது, பாடசாலை விளையாட்டுப் போட்டி (3 நிமிடம்). வெட்டுதல் என்னுடையது; நிறமும் எழுத்தும் என் சிநேகிதியுடையவை. மூன்றாவது, ஒரு குடும்ப வைபவம் (22 நிமிடம்). அதனை முழுதாகக் காட்ட எனக்கு அனுமதியில்லை. அனுமதி பெற்ற 40 வினாடியை இணைத்துள்ளேன். டாவின்சி ரிசோல்வ் இலவசப் பதிப்பில் வேலை செய்கிறேன். பிரீமியர் ப்ரோ பாவித்ததில்லை.”

கடைசி வசனத்தை எடுத்துவிடும்படி ஒரு மாமா சொன்னார். அறிவிப்பில் பிரீமியர் ப்ரோ கேட்டிருந்ததால் ராத்தா எடுக்கவில்லை.

அனுப்புவதற்கு முன் இணைப்பை என் போனில் திறந்து பார்த்தோம். You need access என்று வந்தது! ராத்தாவின் கணக்கில் மட்டும் திறக்கும்படி இருந்திருக்கிறது. அதை மாற்றியிராவிட்டால் ஐந்து நாள் எழுதியதெல்லாம் வீணாகியிருக்கும். சொந்தப் போனில் திறந்து பார்த்தால் இந்தப் பிழை ஒருநாளும் தெரியாது. வேறொருவருடைய போன்தான் வேண்டும்.

பத்து நாளில் அழைப்பு வந்தது. விசிறி இரைச்சலைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம். இனி எடுப்பதானால் விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயருகே கொண்டுபோவேன் என்று ராத்தா சொல்லியிருக்கிறார். பிறகு இருபது நிமிடக் காட்சிகளைக் கொடுத்து, ஒரு கணினியின் முன் இருத்தினார்கள். அதில் இருந்தது பிரீமியர் ப்ரோ. “இதில பழக்கமில்லை எண்டு எழுதியிருந்தீங்கதானே, ஒரு மணித்தியாலம் கூட எடுங்க” என்றார்களாம். முடிவு அடுத்த மாதம் வரும் என்றிருக்கிறார்கள். ராத்தா இப்போது உம்மம்மாவை மறுபடி படம்பிடிக்கிறார், விசிறியை நிறுத்திவிட்டு. உம்மம்மாவுக்குத்தான் புழுக்கம் தாங்கவில்லை.