மைக்கில் வாசிக்க ஒரு நிமிடம்

கல்லூரி விழாக்களில் சிறப்பு விருந்தினரின் பயோடேட்டாவை அப்படியே வாசித்துவிடுகிறார்கள். பட்டங்கள் முடிவதற்குள் கூட்டம் செல்போனுக்குள் போய்விடும்.

ஏரிகளைப் பற்றிப் பேச வரும் பேராசிரியருக்கு, "40 ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர்" என்பதைவிட, "நம் ஏரிக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை என்று வாய்க்கால் நெடுக நடந்து பார்த்தவர்" என்ற வரி நிற்கும். அடுத்து தலைப்பு, கடைசியில்தான் பெயர். அது காதில் விழுந்ததும் கைதட்டல் எழும், அவரும் எழுந்து வருவார். முதலிலேயே சொல்லிவிட்டால் எங்கே கைதட்டுவதென்று கூட்டத்துக்குத் தெரியாது.

வாசிப்பவர் பெரும்பாலும் எழுதியவராக இருப்பதில்லை. அதனால் பெரிய எழுத்து, ஒரு மூச்சுக்கு ஒரு வரி, ஆண்டுகள்கூட எண்ணில் இல்லாமல் எழுத்தில். பெயரின் உச்சரிப்பை விருந்தினரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்வார்கள்; மேடையில் அவரே திருத்தினால் இருவருக்கும் சங்கடம்.