நெய் விழுந்த பிறகு வரும் இரண்டு சொல்

வீட்டுல கணபதி ஹோமம் நடந்தா, புகையில கண் எரிஞ்சதுதான் நமக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த தடவை வாத்தியார் சொல்றதைக் கவனிச்சுப் பாருங்க. மந்திரம் 'ஸ்வாஹா' என்று முடியும்போது நெய் தீயில் விழும். உடனே யாருக்கான நெய் என்று சொல்லி, 'ந மம' என்பார். 'என்னுடையது அல்ல' என்று பொருள். இதைச் சொல்ல வேண்டியவர் யஜமானர், அதாவது ஹோமம் செய்விக்கும் உங்கப்பா.

நெய்யை ஊற்றுவது வேறு, அதன் மேல் இருக்கும் உரிமையை விடுவது வேறு. இரண்டாவதற்குத்தான் தியாகம் என்று பெயர். மீமாம்சகர்கள் யாகத்தின் சாரமாக இதையே சொல்கிறார்கள்.

சரி, ஏன் தீ? தட்டில் படைத்த பழம் பிரசாதமா நம்ம கைக்கே திரும்பி வரும். தீயில் விட்ட நெய் வராது. பல வீடுகளில் அப்பா செல்போனில் பேசிக்கொண்டிருக்க, வாத்தியாரே 'ந மம' சொல்லிவிடுகிறார். நெய் எரிஞ்சிடும், ஆனா விட்டது யாரு?