கோடு இருக்கட்டும், தாள் போகட்டும்

வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒரு மாட்டு வண்டி வரைகிறார் ஒருவர். ஜன்னலோரம் வைத்து போனில் படமெடுக்கிறார். திரையில் பார்த்தால் தாள் வெள்ளையாகவே இல்லை. ஜன்னல் பக்கம் வெளிறிய சாம்பல், மறு பக்கம் அழுக்குச் சாம்பல். பரந்த வெள்ளையைக் கண்டதும் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதும், ஜன்னலை விட்டு விலக விலக ஒளி மங்குவதும்தான் காரணம். இந்தப் படத்திலிருந்து தாளை நீக்கி, கோடுகளை மட்டும் எடுத்து டிஷர்ட்டிலோ அழைப்பிதழிலோ பதிக்க வேண்டும் என்றால் என்ன செய்வது?

பலரும் முதலில் தேடுவது மந்திரக்கோல் கருவியைத்தான். தாளில் ஓரிடத்தைத் தொட்டு, அதே நிறத்தை எல்லாம் தேர்ந்தெடுத்து அழித்துவிடலாம் என்று நினைப்பார்கள். அது ஏன் சரிப்படாது என்பதை எண்களில் பார்த்தால் புரியும். கணினிக்குக் கருப்பு 0, வெள்ளை 255. ஜன்னல் பக்கத் தாள் 220 என்றும் மறு பக்கத் தாள் 150 என்றும் வைத்துக்கொள்வோம். ஜன்னல் பக்கம் லேசாக இழுத்த ஒரு கோடு 165 இருக்கும். அதாவது, இங்கே உள்ள கோடு அங்கே உள்ள தாளைவிட வெளிச்சமானது! எந்த எண்ணில் வெட்டினாலும் ஒன்று கோடு போகும், அல்லது தாள் மிஞ்சும்.

தீர்வு வகுத்தலில் இருக்கிறது. விழும் ஒளியில் ஒரு பங்கைத்தான் கோடு திருப்பி அனுப்புகிறது. அந்தப் பங்கு நிழலிலும் வெளிச்சத்திலும் மாறுவதில்லை. 165-ஐ 220-ஆல் வகுத்தால் 0.75. அதே அழுத்தத்தில் மறு பக்கம் இழுத்த கோடு 112 அளவில் இருக்கும்; அதை 150-ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட 0.75. தாளைத் தாளால் வகுத்தால் எங்கும் 1, அதாவது தூய வெள்ளை.

இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளில் இதைச் செய்ய, முதலில் படத்தை Desaturate கொண்டு கருப்பு வெள்ளையாக்கி, லேயரை ஒரு நகல் எடுக்க வேண்டும். மேலே உள்ள நகலுக்கு Gaussian Blur கொடுத்துக் கோடுகள் அடையாளமே தெரியாமல் கரையும்வரை மங்கலாக்க வேண்டும். 4000 பிக்சல் நீளமுள்ள படத்தில் ஏ4 தாளின் பென்சில் கோடு பத்துப் பிக்சல் அகலம்கூட இருக்காது. எனவே 100 என்ற அளவில் தொடங்கலாம். பிறகு அந்த நகலின் Mode-ஐ Divide என்று மாற்றினால், சாம்பல் மறைந்து தாள் பளிச்சென்று வெளுக்கும். இரண்டையும் Merge Down கொடுத்து ஒன்றாக்கிவிடலாம்.

ஆனால் வண்டிக்காரரின் தலைமுடியை அடர்த்தியாகத் தீட்டியிருந்தால் இங்கே ஒரு சிக்கல் வரும். அந்தக் கருமை மங்கலாக்கிய நகலிலும் தங்கிவிடுவதால், வகுத்ததும் முடியின் நடுப்பகுதி வெளிறிப்போகும். இதற்கு ஓர் அருமையான வழி உண்டு. போனை ஸ்டாண்டில் அசையாமல் பொருத்தி, ஒளி அளவைப் பூட்டிவிட்டு, ஓவியத்தை எடுத்த கையோடு அதே இடத்தில் வெற்றுத்தாளை வைத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். மங்கலாக்கிய நகலுக்குப் பதிலாக இந்த வெற்றுத்தாள் படத்தைச் சற்றே மங்கலாக்கி வகுத்தால் கருமை அப்படியே நிற்கும். வானியலாளர்கள் தொலைநோக்கிப் படங்களைச் சீராக்குவதும் இதே முறையில்தான்.

வகுத்த பிறகும் தாளின் சொரசொரப்பு 240, 250 என்று புள்ளிகளாக மிஞ்சும். Levels-இல் வெள்ளை முனையை 240 அருகே இழுத்தால் அவை போய்விடும். அதற்கு மேல் பேராசைப்பட்டால் மாட்டின் மீசை முடி போன்ற மெல்லிய கீற்றுகளும் சேர்ந்து போய்விடும். கொஞ்சம் புள்ளி மிஞ்சினாலும் பரவாயில்லை, கீற்றைக் காப்பாற்றுவதே மேல்.

இப்போதுதான் Color to Alpha. நீக்க வேண்டிய நிறமாக வெள்ளையைக் கொடுத்தால், ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு வெள்ளை கலந்திருக்கிறதோ அவ்வளவு ஒளி ஊடுருவும்படி அது மாற்றிவிடும். நாம் பார்த்த 0.75 கோடு, ஏறத்தாழ கால் பங்கு அடர்த்தியுள்ள கருப்பாகும். கோட்டின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு மிஞ்சாது. பென்சிலின் மணல் போன்ற தன்மையும் கெடாது.

எல்லாம் போய்விட்டதா என்று திரையின் சாம்பல் கட்டங்களை வைத்து முடிவு செய்யக் கூடாது. மிச்ச அழுக்கு அதில் ஒளிந்துகொள்ளும். அடியில் ஒரு லேயர் சேர்த்துப் பளீர் மஞ்சளை நிரப்பினால், கறை படிந்த இடம் உடனே தெரியும்.

கோட்டுக்கு அடியில் வண்ணம் தீட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் இவ்வளவு வேலை தேவையில்லை. வெளுத்த ஓவிய லேயரை Multiply-இல் வைத்தாலே போதும். கருப்பு டிஷர்ட்டுக்கு அது உதவாது. அங்கே கோடே வெள்ளையாக வேண்டும்: Lock alpha-வை அழுத்திவிட்டு லேயர் முழுவதும் வெள்ளையை நிரப்பினால் கோடுகள் மட்டும் நிறம் மாறும். சேமிக்கும்போது PNG-ஆக ஏற்றுமதி செய்ய வேண்டும். JPEG-க்கு ஊடுருவும் தன்மையைத் தாங்கும் வசதி கிடையாது. நீக்கிய இடமெல்லாம் மறுபடி ஒரே நிறத்தால் நிரம்பிவிடும்.