வியர்வை நாறும் தோல் ஸ்ட்ராப்: எதுவரை சுத்தம் செய்யலாம், எப்போது மாற்றலாம்

பனியன் கம்பெனிகளில் அயர்னிங் மேஜையருகே நாள் முழுக்க நிற்பவர்களின் வாட்ச் ஸ்ட்ராப்தான் சீக்கிரம் நாறத் தொடங்கும். ஸ்டீம் அயர்னின் ஆவி, சித்திரை வெயில், பத்துப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் மூன்றும் சேர்ந்து மணிக்கட்டைக் காயவே விடுவதில்லை. மேலே பார்த்தால் ஸ்ட்ராப் பளபளவென்று புதிதுபோல இருக்கும். கழற்றி மூக்கருகே கொண்டுபோனால்தான் புளித்த வாடை தெரியும். அந்த வாடை வருவது வெளித்தோலிலிருந்து அல்ல, மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்பக்கத்திலிருந்து.

புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு அநேகமாக வாடையே கிடையாது. நம் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதிலுள்ளவற்றைத் தின்று, ஐசோவலரிக் அமிலம் போன்றவற்றை வெளியிடுகின்றன. புளித்த வாடை அந்த அமிலங்களுடையது. தோல் ஸ்ட்ராப் அந்தப் பாக்டீரியாக்களுக்கு வசதியான இடம். பெரும்பாலான ஸ்ட்ராப்புகளில் மேல் தோல், நடுவே கனத்துக்காக வைத்த நிரப்பு, கைபடும் லைனிங் தோல் என்று மூன்று அடுக்குகளைப் பசை போட்டு ஒட்டித் தைத்திருப்பார்கள். வியர்வை தையல் துளை வழியாகவும் பக்கிள் ஓட்டை வழியாகவும் உள்ளே இறங்கும். பஞ்சுத் தூசி பறக்கும் செக்‌ஷனில் வேலை என்றால் அந்தத் தூசியும் அதே ஓட்டைகளில் அடைந்துகொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கும். வியர்வையின் உப்பும் உள்ளேயே தங்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கக்கூடியது. அதனால் மழைக்காலத்தில், கையில் கட்டாமல் வைத்திருந்தாலும் ஸ்ட்ராப் பிசுபிசுக்கும்.

சுத்தம் செய்யும்போது இரண்டு விஷயங்களை விடக்கூடாது. தண்ணீர் மிகக் குறைவாக இருக்கவேண்டும், காயவைக்கும் நேரம் மிக அதிகமாக இருக்கவேண்டும். முதலில் ஸ்ட்ராப்பை வாட்ச்சிலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டு முனையிலும் ஸ்பிரிங் பின் இருக்கும். சில ஸ்ட்ராப்புகளில் பின்னோடு சிறு கொக்கி இருக்கும், நகத்தாலேயே தள்ளிக் கழற்றிவிடலாம். கொக்கி இல்லையென்றால் வாட்ச் கடையில் ஒரு நிமிட வேலை. ஓட்டைகளையும் தையல் ஓரத்தையும் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிப் பஞ்சை எடுத்துவிடுங்கள். ஈரம் பட்டபின் அது உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

துடைக்க, சாயம் போடாத வெள்ளைப் பனியன் வேஸ்ட் துணி போதும். கலர் துணியென்றால் சாயம் தோலில் ஏறலாம். அரை டம்ளர் தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு இரண்டு சொட்டு விட்டு, துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்கு இறுக்கிப் பிழியுங்கள். லைனிங் பக்கத்தை மட்டும் ஒரே திசையில் துடையுங்கள். துணியில் பழுப்பாக அழுக்கு ஏறும். துணியை மடித்து மடித்து, அழுக்கு வருவது குறையும்வரை துடைக்கலாம். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த வேறு துணியால் ஷாம்பைத் துடைத்து எடுக்கவேண்டும். சலவை சோப்பு வேண்டாம். பதனிட்ட தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது, சோப்பின் காரம் அதை விறைக்கச் செய்யும். சானிடைசரும் வேண்டாம், அது மேல் பூச்சையும் சாயத்தையும் கழற்றிவிடும். சென்ட் அடிப்பதில் பலனில்லை, நாற்றத்தோடு கலந்து இன்னொரு நாற்றமாகும்.

காயவைக்கும்போதுதான் பலரும் ஸ்ட்ராப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வெயிலிலோ, சூடான அயர்ன் மேஜையிலோ, அயர்ன் பாக்ஸ் பக்கத்திலோ வைக்கக்கூடாது. தோல் என்பது கொல்லாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். ஈரமாக இருக்கையில் சூடு பட்டால் அந்த இழைகள் சுருங்கும், பிறகு எதைப் போட்டாலும் திரும்பாது. பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல் எண்பது டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே சுருங்கிவிடும். ஸ்டீம் அயர்னின் ஆவி அதைவிடச் சூடு. குரோம் போட்டுப் பதனிட்டது கொஞ்சம் அதிகம் தாங்கும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நிழலில், ஃபேன் காற்றில், லைனிங் பக்கம் மேலே பார்க்கும்படி ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். மேலே காய்ந்த பிறகும் நடு அடுக்கில் ஈரம் இருக்கும்.

முழுக்கக் காய்ந்தபின்னும் லேசாக வாடை இருந்தால் ஆப்ப சோடா உதவும். நாற்றத்துக்குக் காரணம் அமிலம், சோடா காரம், காற்றில் வந்து சேரும் அமிலத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆனால் தோல்மேல் தூவவேண்டாம், கறை விழும், தோலும் வறண்டுபோகும். மூடியுள்ள டப்பாவில் ஒரு சிறு கிண்ணத்தில் இரண்டு மூன்று ஸ்பூன் சோடாவைப் போட்டு, பக்கத்தில் ஸ்ட்ராப்பைத் தொடாமல் வைத்து, இரண்டு நாள் மூடிவையுங்கள்.

லைனிங்கில் வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால் உப்பா, பூஞ்சையா என்று பார்க்கவேண்டும். ஈரத்துணி பட்டதும் கரைந்து, மறுபடி வராவிட்டால் உப்பு. பஞ்சுபோல மெத்தென்று இருந்து, மக்கிய வாடை அடித்து, சில நாளில் அதே இடத்தில் திரும்பி வந்தால் பூஞ்சை. பூஞ்சை நடு அடுக்கில் இறங்கியிருந்தால் அந்த ஸ்ட்ராப்போடு போராடுவது வீண்.

இனி மாற்றவேண்டுமா என்பதற்கு வருவோம். வெறும் நாற்றத்தை வைத்து முடிவு செய்யாமல், சுத்தம் செய்தபின் அது எத்தனை நாளில் திரும்புகிறது என்று பார்க்கவேண்டும். ஒரு அயர்னிங் மாஸ்டரின் ஸ்ட்ராப் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை வருடம் தினமும் கட்டியது. மேலே சொன்னபடி துடைத்து, ஒரு நாள் காயவைத்து, இரண்டு நாள் சோடா டப்பாவில் வைத்து எடுத்தபோது வாடை இல்லை. ஒரு ஷிப்ட் கட்டிய அன்று மாலையே முன்போல நாறுகிறது. ஒரு நாள் வியர்வையால் மட்டும் அவ்வளவு வாடை வராது. நிரப்பிலும் பசையிலும் ஊறியிருந்த பழைய அழுக்குதான் சூடும் ஈரமும் பட்டதும் கிளம்புகிறது. அந்த இடத்துக்குத் துணி போகாது. அவர் மாற்றவேண்டியதுதான். மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் திரும்புகிறது என்றால் ஸ்ட்ராப் இன்னும் நன்றாகவே இருக்கிறது, மாதம் ஒருமுறை துடைத்தால் போதும்.

நாற்றமே இல்லாவிட்டாலும் மாற்றவேண்டிய நேரம் உண்டு. ஸ்பிரிங் பின் நுழையும் முனையை வெளிச்சத்தில் மெல்ல வளைத்துப் பாருங்கள். மேல் பூச்சில் மட்டும் மெல்லிய கோடு விழுந்தால் பரவாயில்லை. வெடிப்புக்குள் தோலின் நார் தெரிந்தால், அல்லது அங்கே தையல் விட்டிருந்தால், உடனே மாற்றுங்கள். ஸ்ட்ராப் அறுந்து வாட்ச் கீழே விழுவது பெரும்பாலும் இந்த முனையில்தான். தினமும் மாட்டும் பக்கிள் ஓட்டை நீள்வட்டமாக இழுத்துக் கிழியத் தொடங்கினாலும், லைனிங் பசை விட்டு நகத்துக்குத் தூக்கினாலும் அதே முடிவு. பின்னில் துரு இருந்தால் பின்னையும் சேர்த்து மாற்றவேண்டும். தாவரப் பொருளால் பதனிட்ட தோலில் இரும்புத் துரு பட்டால் போகாத கருங்கறை விழும். ஸ்ட்ராப் படும் இடத்தில் அரிப்போ தடிப்போ வந்தால் கட்டுவதை நிறுத்தித் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது குரோமின் ஒவ்வாமையாகவோ பக்கிளிலுள்ள நிக்கலின் ஒவ்வாமையாகவோ இருக்கலாம்.

புதிது வாங்கும்போது வாட்ச்சின் இரு கொம்புகளுக்கு நடுவிலுள்ள அகலத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். 18, 20, 22 என்பவை வழக்கமாகக் கிடைக்கும் அளவுகள். ஸ்டீம் அருகே வேலை செய்பவர்கள் ஷிப்டுக்குத் தண்ணீரில் கழுவக்கூடிய நைலான் அல்லது சிலிகோன் ஸ்ட்ராப்பும், மற்ற நேரத்துக்குத் தோலும் என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. எளிதில் கழற்றும் கொக்கி வைத்த பின்னாகக் கேட்டு வாங்கினால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். தோல் ஸ்ட்ராப்பைக் கட்டும்போது ஒரு ஓட்டை தளர்த்தியே கட்டுங்கள். இரவில் பக்கிளை மாட்டி வளையமாக வைக்காமல், லைனிங் காற்று படும்படி விரித்து வையுங்கள்.