கடைசியாக அழுத்திய பொத்தான்

பிளஸ் ஒன் வகையிடல் பாடத்தில் sin³5x மாதிரி ஒரு கணக்கு வந்து நிற்கும். பார்ப்பதற்குச் சின்னதுதான். இதன் வகைக்கெழுவைக் காணச் சொன்னால் ஒரே பெஞ்சில் இருந்து மூன்று விதமான விடை வரும். ஒருவர் 3sin²5x என்று எழுதி நிறுத்திவிடுவார். அடுத்தவர் கொஞ்சம் தாராளமாக 3cos²5x என்பார். மூன்றாமவர் 3sin²5x cos5x வரை வந்து, இன்னும் ஓர் அடி இருப்பதை மறந்து பேனாவை மூடுவார். சரியான விடை 15sin²5x cos5x.

மூவருக்கும் சங்கிலி விதி தெரியும். மனப்பாடமாகச் சொல்லவும் செய்வார்கள். தவறு விதியில் இல்லை. எது வெளி அடுக்கு, எது உள் அடுக்கு என்று பார்ப்பதில்தான் இருக்கிறது. அதற்குப் பாதிக் காரணம் அந்தக் கணக்கை எழுதும் முறை. மூன்று என்ற படி sin-க்கும் 5x-க்கும் நடுவே செருகப்பட்டிருப்பதால், அது நடுவில் நடக்கும் வேலை என்று கண் நம்பிவிடுகிறது. உண்மையில் கனமாக்குவதுதான் எல்லாவற்றுக்கும் பிறகு நடக்கிறது. ஒளிவுமறைவில்லாமல் எழுதினால் அது இப்படி இருக்கும்:

```
y = ( sin(5x) )³
```

அடைப்புக்குறி எழுதும் சோம்பலில் பிறந்த சுருக்கம்தான் sin³5x. கணிதக்காரர்கள் அதை விடப்போவதில்லை. ஆகவே படிப்பவர்தான் மனதுக்குள் அடைப்புக்குறியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுக்குகளைப் பிரிக்க நம்பகமான ஒரு வழி உண்டு. x-க்கு ஓர் எண்ணைக் கொடுத்து, கால்குலேட்டரில் விடை காண எந்த வரிசையில் பொத்தான்களைத் தட்டுவோம் என்று யோசிக்க வேண்டும். x = 0.1 என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஐந்தால் பெருக்குவோம், 0.5 வரும். பிறகு சைன் பொத்தான், 0.4794 வரும். கடைசியாகக் கனம், 0.1102 வரும். கடைசியாக அழுத்திய பொத்தான் எதுவோ அதுவே வெளி அடுக்கு. முதலில் அழுத்தியது உள் அடுக்கு. இந்த வரிசையை ஓரத்தில் குறித்துக்கொண்டால், எழுத்தில் படி எங்கே இருக்கிறது என்பது பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கால்குலேட்டரில் எண் உள்ளிருந்து வெளியே வருகிறது. வகையிடும்போது அதே பாதையில் வெளியிலிருந்து உள்ளே போகிறோம். முதலில் வெளி அடுக்கு: ஏதோ ஒன்றின் கனம். அதன் வகைக்கெழு, மூன்று பெருக்கல் அந்த ஏதோ ஒன்றின் வர்க்கம். அந்த ‘ஏதோ ஒன்று’ sin5x. அதை இப்போது தொடக்கூடாது, உள்ளது உள்ளபடியே இறக்கி எழுத வேண்டும். ஆக 3(sin5x)². அடுத்து நடு அடுக்கு: ஏதோ ஒன்றின் சைன். அதன் வகைக்கெழு, அதே ஒன்றின் கொசைன். அந்த ஒன்று 5x, அதையும் தொடக்கூடாது. ஆக cos5x. கடைசியில் மிஞ்சுவது 5x, அதன் வகைக்கெழு 5. மூன்றையும் பெருக்க வேண்டும்:

```
dy/dx = 3(sin5x)² · cos5x · 5 = 15 sin²5x cos5x
```

ஓர் அடுக்கை வகையிடும்போது அதற்கு உள்ளே இருப்பதைத் தொடாமல் விடுவதுதான் இதில் முக்கால்வாசி வேலை. 3cos²5x எழுதியவர் சறுக்கியது இங்கேதான். கனத்தை வகையிடும் அதே மூச்சில், உள்ளே இருந்த சைனையும் கொசைனாக மாற்றிவிட்டார். இரண்டு அடுக்குகளின் வேலை ஒரே காரணியில் முடிந்துபோனதால், பெருக்க வேறு எதுவும் மிஞ்சவில்லை. அடுக்கு மூன்றென்றால் பெருக்கப்படும் காரணியும் மூன்று இருக்க வேண்டும். கடைசி அடுக்கின் காரணி வெறும் 5 ஆக இருந்தாலும் அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். மூன்றாமவர் தவறவிட்டது அந்த 5-ஐத்தான்.

சரி, ஏன் பெருக்க வேண்டும்? கூட்டினால் என்ன? இதற்குச் சூத்திரத்தைவிட எண்களே நல்ல பதில் சொல்லும். x-ஐ 0.1-லிருந்து 0.101-க்கு, அதாவது 0.001 மட்டும் நகர்த்திப் பார்ப்போம். 5x என்பது 0.5-லிருந்து 0.505 ஆகிறது. நகர்வு 0.005, ஐந்து மடங்கு பெருத்துவிட்டது. அந்த 0.005 இப்போது சைனுக்குள் போகிறது. சைன் 0.47943-லிருந்து 0.48381 ஆகிறது. நகர்வு 0.00438, அதாவது உள்ளே போனதில் ஏறத்தாழ 0.88 மடங்கு. cos0.5-இன் மதிப்பும் 0.8776 தான். கடைசியில் கனம்: 0.11020-லிருந்து 0.11324. நகர்வு சுமார் 0.00305, இது முந்தைய நகர்வில் ஏறத்தாழ 0.7 மடங்கு. சூத்திரப்படி 3 × 0.47943² = 0.69.

ஒவ்வோர் அடுக்கும் தனக்கு வந்த நகர்வை ஒரு மடங்கு பெருக்கியோ சுருக்கியோ அடுத்ததற்கு அனுப்புகிறது. ஐந்து மடங்கானது, அதில் 0.88 மடங்கு, அதிலும் 0.69 மடங்கு. மடங்குக்கு மேல் மடங்கு வந்தால் பெருக்கல்தான், அங்கே கூட்டலுக்கு இடமில்லை. 5 × 0.8776 × 0.6895 = 3.026 என்று வருகிறது. நேரடியாகப் பார்த்தால், x-இன் 0.001 நகர்வுக்கு y நகர்ந்தது சுமார் 0.00305, அதாவது 3.05 மடங்கு. சின்ன வித்தியாசம் இருப்பதற்குக் காரணம், 0.001 கூட அவ்வளவு சிறியதல்ல என்பதே. ஒரு பக்கம் மட்டும் நகர்த்தாமல் 0.099-க்கும் 0.101-க்கும் இடையே கணக்கிட்டால் 3.026 அப்படியே கிடைக்கிறது.

விடையைச் சரிபார்க்கவும் இதே வழி உதவும். 3sin²5x cos5x என்று நிறுத்தியவர் x = 0.1 போட்டிருந்தால் 0.605 என்று வந்திருக்கும். நேரடிக் கணக்கு மூன்றுக்குச் சற்று மேலே இருக்க, இது ஐந்தில் ஒரு பங்கு. எந்த அடுக்கு விட்டுப்போனது என்பதை அந்த விகிதமே காட்டிக்கொடுக்கிறது.

இப்படிக் கைபேசியில் சரிபார்க்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் sin0.5-க்கு 0.4794 வராது, 0.0087 என்று வரும். அப்போது விடை மொத்தமும் குளறுபடியாகும். எத்தனையோ பேர் சரியாகப் போட்ட கணக்கை இதனால் அடித்துத் திருத்தியிருப்பார்கள். சைனின் வகைக்கெழு கொசைன் என்பது ரேடியனில் மட்டுமே உண்மை. டிகிரியை ரேடியனாக்க π/180-ஆல் பெருக்குகிறோம் அல்லவா, அந்தப் பெருக்கல் ஐந்துக்கும் சைனுக்கும் நடுவே யாருக்கும் தெரியாமல் நுழைந்த நான்காவது அடுக்கு. அதற்கும் ஒரு காரணி சேர வேண்டும், மதிப்பு சுமார் 0.01745.

அடுக்குகளின் வரிசை மாறினால் என்ன ஆகும்? அதே மூன்று வேலைகளை, ஐந்தால் பெருக்கு, கனமாக்கு, சைன் எடு என்று மாற்றி அடுக்கிப் பார்க்கலாம். இப்போது y = sin((5x)³). கடைசிப் பொத்தான் சைன், ஆகவே வகையிடுவதும் சைனில் தொடங்கும்:

```
dy/dx = cos((5x)³) · 3(5x)² · 5 = 375x² cos(125x³)
```

x = 0.1-இல் இதன் மதிப்பு சுமார் 3.72. பொத்தான்கள் அதே மூன்று, ஐந்தால் பெருக்கும் காரணியும் அப்படியே இருக்கிறது, ஆனாலும் விடை வேறு. கொசைனுக்குள் இப்போது (5x)³ முழுசாக உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். முந்தைய கணக்கில் அங்கே 5x மட்டும்தான் இருந்தது. எந்த அடுக்கை வகையிட்டாலும், அதன் உள்ளே அப்போது என்ன இருந்ததோ அதுதான் அந்தக் காரணிக்குள் வரும். வேறு அடுக்கின் சரக்கு அங்கே வந்தால் வரிசை எங்கோ பிசகியிருக்கிறது.

இந்த விதியை முதலில் கையாண்டவராக ஜெர்மனியின் லைப்னிட்ஸைச் சொல்வார்கள். 1676-ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் √(a + bz + cz²) என்பதை, வெளியே வர்க்கமூலம், உள்ளே இருபடிக் கோவை என்று இரண்டு அடுக்காகப் பார்த்து வகையிட்டார். அந்தக் கணக்கில் அவரும் ஒரு கூட்டல் கழித்தல் குறியைத் தவறாகப் போட்டிருந்தார். தேர்வில் குறி தவறி மதிப்பெண் இழந்தவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம். இன்றும் பாடப்புத்தகங்கள் அவருடைய குறியீட்டையே பயன்படுத்துகின்றன. u = sin5x, v = 5x என்று பெயர் வைத்துக்கொண்டால் விதி இப்படி வரும்:

```
dy/dx = dy/du · du/dv · dv/dx
```

அடுக்குகளுக்கு u, v என்று பெயர் வைத்து எழுதுவது தொடக்கத்தில் நேரம் எடுக்கும். ஆனாலும் மூன்றடுக்குக் கணக்கில் அது வீண் வேலையல்ல. எந்த அடுக்கில் இருக்கிறோம் என்ற குழப்பத்துக்கு அங்கே இடமே இருக்காது.

வர்க்கமூலம் வெளி அடுக்காக வந்தால் இன்னொரு சங்கதியும் உண்டு. y = √(sin²x) என்பதை எடுத்துக்கொள்வோம். உள்ளே சைன், நடுவில் வர்க்கம், வெளியே வர்க்கமூலம், ஆக மூன்றடுக்கு. விதிப்படி எழுதினால்:

```
dy/dx = 1/(2√(sin²x)) · 2 sin x · cos x
```

x = 0 என்று போட்டால் முதல் காரணியின் பகுதியில் பூச்சியம் வந்துவிடுகிறது. மற்ற இரண்டு அடுக்குகளுக்கும் அந்த இடத்தில் எந்தக் கோளாறும் இல்லை, வெளி அடுக்கான வர்க்கமூலத்துக்குத்தான் பூச்சியத்தில் வகைக்கெழு கிடையாது. இந்தச் சார்பை வரைபடமாக வரைந்தால் x = 0-இல் கூர்மையான மூலை தெரியும். வலப்பக்கச் சாய்வு 1, இடப்பக்கச் சாய்வு −1. ஆகவே அங்கே வகைக்கெழு இல்லை.

ஆனால் விதி முறிந்த இடத்தில் எல்லாம் வகைக்கெழு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. √(sin⁴x) என்பதிலும் அதே வர்க்கமூலம் அதே பூச்சியத்தில் முறிகிறது. அங்கே சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு, வரையறைக்கே திரும்பிப் போய் எல்லை மதிப்பைக் காண வேண்டும். x = 0-இல் சார்பின் மதிப்பு பூச்சியம். h என்ற சிறு நகர்வுக்குச் சார்பின் மதிப்பு √(sin⁴h), அதாவது sin²h. அதை h-ஆல் வகுத்தால் (sin h / h) · sin h. முதல் பகுதி ஒன்றை நெருங்குகிறது, இரண்டாவது பூச்சியத்தை நெருங்குகிறது. ஆகவே அங்கே வகைக்கெழு இருக்கிறது, அதன் மதிப்பு 0.