தேநீர்த் தட்டின் கணக்கு

கொழும்புத்துறை இறங்குதுறைப் பக்கமிருந்து மாலைக் காற்று வீசத் தொடங்கும் நேரமே எங்கள் தமக்கையார் வீட்டில் தேநீர் நேரம். சென்ற ஆண்டு ஒருநாள் அவ்வேளையில் நான் அங்கு சென்றிருந்தேன். அத்தானுக்கு முன்னால் ஒரு தட்டு இருந்தது. அதில் நான்கு றஸ்க்குகளும், நான்கு கிறீம் கிறக்கர் விசுக்கோத்துகளும் அடுக்கப்பட்டிருந்தன. தேநீரில் சீனி இல்லை. அவருக்குச் சலரோகம் என்று கண்டறியப்பட்டு மூன்று திங்கள் ஆகியிருந்தன. உடல் எடையைக் குறைக்குமாறு வைத்தியர் கூறியிருந்தார். அத்தானும் அன்றே பட்டர் பூசிய பாணை விட்டொழித்துவிட்டார். எனினும் எடை குறையவில்லை. ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது.

“பாண் கனம், தம்பி. இது கையிலை எடுத்தால் காத்துப்போலை இருக்குது. இதிலை என்ன இருக்கப்போகுது?” என்றார் அவர்.

அக்கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. கற்றறிந்த குடும்பங்களிலும் இவ்வெண்ணம் பரவலாக இருப்பதனால், அன்று நாங்கள் சமையலறைத் தராசைக் கொண்டு போட்ட கணக்கை வாசகர்களுக்கும் எடுத்துரைக்கலாம் என்று கருதுகிறேன்.

முதலில் அளவுகோலைத் தெரிந்துகொள்வோம். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு பாகை சென்ரிகிறேட் உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பமே உணவுக் கணக்கில் நாம் கலோரி என்று வழங்குவது. உணவின் சக்தியை அளப்பதற்கு அமெரிக்க அறிஞர் அற்வாட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த எளிய வாய்பாடு இன்றும் கையாளப்படுகிறது. மாச்சத்தும் சீனியும் கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. நீருக்கோ ஒன்றுமில்லை. இந்த இறுதி வார்த்தையிலேதான் அத்தானுடைய கேள்விக்கு விடை அடங்கியிருக்கிறது.

ஓர் இறாத்தல் பாண் ஏறக்குறைய 450 கிராம். அதைப் பதினைந்து துண்டுகளாக அரிந்தால் ஒவ்வொன்றும் 30 கிராம் இருக்கும். பாணில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு அளவில் நீர் உண்டு. ஆகவே அத்துண்டின் சக்தி சுமார் 75 கலோரி. இப்பொழுது அதே துண்டை மெல்லிய சூட்டில், கருகாமல், மொறுமொறுவென்று ஆகும்வரை உலர்த்துவோம். நிறுத்துப் பார்த்தால் 20 கிராம் அளவே காட்டும். குறைந்த 10 கிராமும் ஆவியாகிப் போன நீர். மாச்சத்து எங்கும் போகவில்லை. எனவே 20 கிராம் எடையுள்ள அந்த உலர்ந்த துண்டிலும் அதே 75 கலோரி இருக்கிறது. மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இடையிடையே நிறுத்து, எடை மேலும் குறையாத நிலை வந்தால் நீர் பெரும்பாலும் நீங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

றஸ்க் என்பது இவ்வாறு இருமுறை சூடேற்றி உலர்த்திய பாணே. ஆனால் கடையில் வாங்கும் இனிப்பு றஸ்க்கின் மாவில் சீனியும் கொழுப்பும் முன்னரே சேர்ந்திருக்கும். அதனால் 100 கிராம் பாணில் 250 கலோரி என்றால், 100 கிராம் றஸ்க்கில் 400 அளவில் வருகிறது. கையில் இலேசாக இருப்பது நீர் இல்லாமையால். சக்தி இல்லாமையால் அன்று.

விசுக்கோத்தின் கதையும் இதுவே. ஆனால் அங்கே கொழுப்பு இன்னும் சற்று மிகுதி. கிறீம் கிறக்கர் பொதி ஒன்றில், 100 கிராமுக்கு மாச்சத்து 72, புரதம் 9, கொழுப்பு 14 கிராம் என்று அச்சிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். வாய்பாட்டின்படி 288, 36, 126. கூட்டினால் 450 கலோரி. நாக்கில் இனிக்காத விசுக்கோத்து அது. எனினும் இனிக்கும் மாரி விசுக்கோத்துக்கும் அதற்கும் இவ்விடயத்தில் பெரிய வேற்றுமை இல்லை. நடுவே கிறீம் வைத்த வகைகளில் கொழுப்பும் சீனியும் ஏறுவதால் 480, 500 என்று உயரும். இலங்கையில் பொதிகளின் மேல் காணப்படும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அளவையே குறிக்கின்றன, கலோரியை அன்று. ஆகையால் சீனிக்குப் பச்சை பெற்ற விசுக்கோத்தும் கலோரியில் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை.

இனி அத்தானுடைய தட்டுக்கு வருவோம். முன்பு அவர் உண்டது 30 கிராம் பாண் துண்டு இரண்டு: 150 கலோரி. ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் பட்டர்: இரண்டுக்கும் 72. தேநீரில் இரண்டு தேக்கரண்டிச் சீனி: 40. மொத்தம் 262. இப்பொழுது உண்பது 15 கிராம் எடையுள்ள றஸ்க் நான்கு: 240. கிறீம் கிறக்கர் நான்கும் சேர்ந்து 30 கிராம்: 135. மொத்தம் 375. சீனியையும் பட்டரையும் துறந்த பின்னர் அவருடைய மாலைச் சிற்றுண்டி நாளொன்றுக்கு 113 கலோரி கூடியிருந்தது! சாதாரண எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் நடந்தால் செலவாகும் சக்தி ஏறக்குறைய அவ்வளவே. எடை கூடியதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் கூறமாட்டேன். ஆனால் எடை ஏன் குறையவில்லை என்பது விளங்கிற்று.

அப்பொழுது தமக்கையார் குறுக்கிட்டு, “அப்பிடியெண்டால் பட்டருக்குப் பதிலாய் ஜாம் பூசிக் குடுக்கட்டோ?” என்று கேட்டார். நல்ல கேள்வி. பட்டரில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு. ஆதலால் ஒரு தேக்கரண்டியில் 36 கலோரி. ஜாமில் மூன்றில் இரண்டு பங்கு சீனி, எஞ்சியது பெரும்பாலும் நீர். ஆதலால் 7 கிராம் எடையுள்ள ஒரு தேக்கரண்டியில் 19 கலோரிக்கு மேல் இல்லை. ஆயினும் பட்டரை நாம் மெல்லியதாகத் தடவுகிறோம். ஜாமையோ அள்ளி வைக்கிறோம். இரண்டு கரண்டி வைத்தால் இரண்டும் சமன். மேலும், சலரோகக்காரருக்குக் கலோரி மாத்திரம் கணக்கன்று. ஜாமின் சீனி இரத்தத்தில் விரைந்து ஏறும். பாணும் றஸ்க்கும் தரும் மாச்சத்தும் அங்கே சீனியாகவே சேரும். எனவே அவருக்கு எது, எவ்வளவு என்பதை வைத்தியரே கூறவேண்டும்.

இக்கணக்குக்கு எல்லையும் உண்டு. வாய்பாட்டின் எண்கள் சராசரிகள். கையால் அரியும் துண்டு 45 கிராமும் இருக்கலாம். அயலிலுள்ள வெதுப்பகத்தில் வாங்கும் றஸ்க் பையில் பெரும்பாலும் எவ்விதக் குறிப்பும் இராது. அங்கே நிறுத்துப் பார்த்து, கிராமுக்கு 4 கலோரி என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை நேராது. குறிப்புள்ள பொதியானால், ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற எண்ணை விட்டு, ‘100 கிராமுக்கு’ என்ற எண்ணைப் பாருங்கள். முந்தியது இரண்டு விசுக்கோத்தையே குறிக்கலாம். நாம் அத்துடன் நிறுத்துவதில்லையன்றோ?

அடுத்த முறை சென்றபோது அத்தானுடைய தட்டில் ஒரு துண்டுப் பாணும், அதன்மேல் மெல்லிய பட்டரும் இருந்தன. வைத்தியரிடம் கேட்டே உண்பதாகச் சொன்னார். நான் கணக்குப் போட வாயெடுக்குமுன் அவரே, “நூற்றுப் பதினொன்று, தம்பி” என்றார்.